அம்மாவுக்காக ஒரு ஜெர்மன் வாக்கியம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நாங்கள் நலம். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து தனியாக ரயிலேறி வரவேண்டியிருப்பதால், 'நான் மியூனிக் போக வேண்டும்' என்பதற்கு ஜெர்மன் வாக்கியத்தைத் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். ஒரு வரிதானே என்று எண்ணி உட்கார்ந்தேன். மூன்று நாட்களாக அதை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'இஹ் மெஹ்டெ நாஹ் மின்ஹென்.'

இதில் 'ஹ' வரும் நான்கு இடங்களும் ஒரே ஒலி அல்ல. 'நாஹ்' என்பதில் மட்டும், 'க' பிறக்கும் இடத்தில் காற்றை அடைத்துவிடாமல் உரசவிட வேண்டும். மற்ற மூன்றிலும், 'ய' சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் மூச்சை மட்டும் விட வேண்டும். முதலில் 'எஃகு' நினைவுக்கு வந்து, 'மெஃடெ' என்று ஆய்த எழுத்தால் எழுதினேன். குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவில் அது இலக்கணப்படியே பொருந்தி அமர்ந்தது. ஆனால் தங்கையிடம் அனுப்பிப் படிக்கச் சொன்னபோது அவள் 'மெக்டெ' என்றாள். இங்கே 'நஹ்ட்' என்றால் இரவு, 'நக்ட்' என்றால் நிர்வாணம். ஆகவே ஆய்தத்தைக் கைவிட்டேன்.

உயிரொலிகள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன. 'மெ' என்று நான் எழுதியிருப்பது உண்மையில் 'எ'வுக்கு நாக்கை வைத்து, 'ஒ'வுக்குக் குவிப்பதுபோல் உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒலி. 'மின்ஹெ'னில் உள்ள 'மி'யும் அப்படியே, 'இ'யின் நாக்கும் 'உ'வின் உதடும் சேர்ந்தது. இவற்றுக்கு நம்மிடம் எழுத்தில்லை என்பதால், அந்த இரண்டு எழுத்துகளையும் வட்டமிட்டிருக்கிறேன். வட்டத்தைக் கண்டால் உதட்டைக் குவியுங்கள். மறந்துபோனாலும் கவலை வேண்டாம், ஆனால் 'மொஹ்டெ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது 'எனக்குப் பிடித்திருந்தது' என்று இறந்தகாலமாகிவிடும். 'மெஹ்டெ'யோ அப்படிப் பொருள் மாறாது. இந்தப் பவேரியப் பகுதியில் வட்டார வழக்கில் பேசுகிறவர்களே உதட்டைக் குவிக்காமல் 'மெஹ்ட்' என்றுதான் சொல்கிறார்கள். உதடு தவறினாலும் நாக்கு தவறக்கூடாது என்பதால்தான் 'ஒ'வை விட்டு 'எ'வைத் தேர்ந்தெடுத்தேன்.

இவ்வளவு செய்தும் இந்தக் காகிதத்தால் ஆகாத ஒன்று இருக்கிறது, அம்மா. நீங்கள் எவ்வளவு திருத்தமாகக் கேட்கிறீர்களோ, அவ்வளவு வேகமாகப் பதில் வரும், ஏனென்றால் உங்களுக்கு மொழி தெரியும் என்று எதிரிலிருப்பவர் நினைத்துவிடுவார். பதிலில் வரும் நடைமேடை எண்ணை நான் முன்கூட்டியே எழுதித் தர முடியாது. இரண்டு என்பதைக்கூட, மூன்றோடு குழம்பாமல் இருக்கச் சிலர் 'ஸ்வை' என்னாமல் 'ஸ்வோ' என்பார்கள். எனவே, தமிழ் வரிக்குக் கீழே அதே வாக்கியத்தை ஜெர்மன் எழுத்திலும், 'எண்ணை இங்கே எழுதித் தாருங்கள்' என்ற வேண்டுகோளையும் எழுதி, அதன் கீழ் ஒரு வெற்றுக் கட்டமும் போட்டிருக்கிறேன். பேசிய பிறகு காகிதத்தையும் பேனாவையும் நீட்டுங்கள். நிலையப் பலகையில் ஊர்ப்பெயர் 'மியூனிக்' என்று இருக்காது. நான் ஜெர்மன் எழுத்தில் எழுதியிருக்கும் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏறுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைக்கிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டபின், வட்டத்தை எங்கே தடித்துப் போடவேண்டும் என்று முடிவு செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்