உணவுக்கு முன்பே தொடங்கிய வரவேற்பு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவந்த பழந்தமிழர் விருந்தோம்பல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சங்க நூல்கள் கூறும் ஊன் சோறும் தேறலும் அதில் நிறைவாக எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. ஆனால் வந்தவர் வாசலில் நின்ற கணத்துக்கும் அவர் முன் உணவு வைக்கப்பட்ட கணத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அக்காலத்து மக்கள் இருகை கூப்பி ஒருவரையொருவர் வணங்கி வரவேற்றனர் என்று அந்த வரி கூறுகிறது. பாடல்கள் காட்டுவது வேறொன்று என்பதால் இதை எழுதுகிறேன்.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். 248 அடிகள் கொண்ட இப்பாட்டில், கரிகாலனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பொருநன் என்னும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பொருநனுக்குத் தான் பெற்ற வரவேற்பைச் சொல்கிறான். அரசன் தன்னை நடத்திய முறையை அவன் வரிசை பிறழாமல் கூறுகிறான்: "கேளிர் போலக் கேள்கொளல் வேண்டி, வேளாண் வாயில் வேட்பக் கூறி, கண்ணில் காண நண்ணுவழி இரீஇ, பருகு அன்ன அருகா நோக்கமோடு". முதலில் உறவினனைப் போல ஏற்கும் விருப்பம், அடுத்து கேட்கக் கேட்க ஆசை எழும் இன்சொல், பிறகு தன் கண்ணுக்கு எட்டும்படி அருகிலேயே இருக்கை, அதன்பின் பருகுவது போன்ற, சற்றும் குறையாத பார்வை. அந்தப் பார்வையில் தன் எலும்பும் குளிர்ந்தது என்கிறான் பொருநன். அதற்கடுத்தே ஈரும் பேனும் குடிகொண்டு, வேர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தல் களையப்பட்டு, பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடை தரப்படுகிறது. உணவு அதற்கும் பிறகுதான் வருகிறது.

இந்த வரிசையில் கைகூப்புதல் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது விருந்தினர் பக்கம் இருக்கிறது. அதே பாட்டில், நீயும் அவனிடம் போ என்று வழிகாட்டும்போது, "தொழுது முன் நிற்குவிர் ஆயின்" என்று வருபவர் செய்யவேண்டியதைச் சொல்கிறார் புலவர். அதற்கு மறுமொழியாக அரசன் செய்வது தொழுகை அன்று, பார்வை: "ஈற்று ஆ விருப்பின் போற்றுபு நோக்கி". கன்று ஈன்ற பசு தன் கன்றைப் பார்க்கும் விருப்பத்தோடு அவன் பார்க்கிறான். ஆக, தொழுதல் தாழ்ந்த நிலையில் உள்ளவர் உயர்ந்தவர் முன் செய்தது. சங்கப் பாடல்களில் கடவுளையும் பிறைநிலவையும் தொழுவதும் இந்த வகைப்பட்டதே. சமமானவர் இருவர் எதிரெதிரே கைகூப்பி முகமன் கூறும் இன்றைய வழக்கத்தை அப்படியே அந்தக் காலத்துக்குக் கொண்டுபோவதற்கு இப்பாட்டு இடம் தரவில்லை. "முகம்திரிந்து நோக்கக் குழையும் விருந்து" என்ற குறளும் பார்வையையே விருந்தின் உயிர்நிலையாக வைப்பதை இங்கே சேர்த்து எண்ணலாம்.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. வந்தவர் கலைஞர், பாடிப் பரிசு பெறவே வந்தவர். ஆயினும் வரவேற்பு பாட்டுக்குக் கூலியாகத் தரப்படவில்லை. "நும் கையது கேளா அளவை" என்கிறது பொருநராற்றுப்படை. அதாவது உங்கள் கையிலுள்ள கருவியின் இசையைக் கேட்பதற்கு முன்பே ஆடையும் உணவும் வந்துவிடும். மலைபடுகடாத்தில் செங்கண்மாவின் தலைவன் நன்னன், கூத்தர் தன் புகழை எடுத்துரைத்து முடிக்கும் வரைகூடப் பொறுக்காமல், "நசைதர வந்தது சாலும், வருத்தமும் பெரிது" என்று இடைமறிக்கிறான். எம்மை விரும்பி நீங்கள் வந்ததே போதும், வழியில் பட்ட வருத்தமோ பெரிது என்பது அதன் பொருள். பழந்தமிழில் வரவேற்பவரின் வாய்ச்சொல்லாகவே நமக்குக் கிடைக்கும் அரிய முகமன்களில் இதுவும் ஒன்று. நலமா என்று கேட்காமல், நடந்துவந்த களைப்பைத் தானே எடுத்துச் சொல்லும் முகமன் இது. காட்டையும் மலையையும் கால்நடையாகக் கடந்து வந்தவரிடம் இதைவிடப் பொருத்தமான முதற்சொல் வேறு இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் புரவலரைப் புகழும் பாட்டுகள் அல்லவா, புலவர் மிகைப்படுத்தியிருக்க மாட்டாரா என்ற ஐயம் நியாயமானது. கரிகாலன் விடைகொடுக்கும்போது, பால் போன்ற வெண்குதிரைகள் நான்கைப் பூட்டிய தேரில் விருந்தினனை ஏற்றுமுன், "காலின் ஏழடிப் பின் சென்று" வழியனுப்புகிறான். பேரரசன் ஒருவன் ஓர் ஏழைக் கலைஞனின் பின்னே ஏழடி நடந்தான் என்பது பாடத்தக்க செய்தியாக இருந்தது என்றால், அது அரண்மனைகளில் நாள்தோறும் நடந்த ஒன்று அன்று என்றே கொள்ளவேண்டும். மலைபடுகடாத்தில், மலைச் சிற்றூர் வீடுகளுக்குள் "நும் இல் போல நில்லாது புக்கு" உரிமையோடு நுழையலாம் என்று கூறும் அடிக்கு முன்னும், நாங்கள் நன்னனின் கலைஞர்கள் என்று சொல்லுங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. தலைவனின் பெயர்தான் அங்கே கதவைத் திறக்கிறது. அதனால் இப்பாட்டுகளை அன்றைய நடைமுறையின் பதிவாக முழுமையாக நம்பாமல், நல்ல வரவேற்பு எப்படி இருக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணியதன் சான்றாகக் கொள்வதே முறை.

சாதாரண வீடுகளின் வழக்கத்தை அறிய, விருந்தைப் பாடவே எழாத அகப்பாடல்கள் கூடுதல் நம்பிக்கை தருகின்றன; அங்கே யாரையும் புகழவேண்டிய தேவை இல்லை. குறுந்தொகை 118ஆம் பாடலில் நன்னாகையார் பாடுவது பிரிவுத் துயரத்தை. பறவையும் விலங்கும் அடங்கிய மாலையில், பலர் புகும் வாயிலை அடைக்கும் காவலர் "வருவீர் உளீரோ" என்று கேட்கின்றனர்; அப்போதும் தலைவன் வரவில்லை என்பதே தலைவியின் வருத்தம். உள்ளே வருவதற்கு இன்னும் யாரேனும் உண்டா என்று கேட்டுவிட்டே கதவடைப்பது எல்லாரும் அறிந்த வழக்கமாக இருந்ததனால்தான், விளக்கம் ஏதுமின்றி அதைப் புலவர் பயன்படுத்த முடிந்தது. நற்றிணை 142ஆம் பாடலில் வீடு திரும்பும் தலைவன் தன் மனைவியை நினைக்கும்போது, "அல்லில் ஆயினும் விருந்து வரின் உவக்கும்" என்கிறான். இரவில் வந்தாலும் மகிழ்பவள் என்று தனியே சொல்லப்படுவதால், இரவு விருந்து இல்லத்தாருக்குச் சுமை என்பதையும் அவர்கள் அறிந்தே இருந்தனர்.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும்போது, கைகூப்பி வரவேற்றனர் என்ற வரியைத் திருத்தி, மேற்சொன்ன பொருநராற்றுப்படை அடிகளை உரையுடன் வெளியிட வேண்டுகிறேன். உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் உரையே இருப்பதால் பொருள் காண்பது கடினமாகாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.