வார்டு மருந்துப் பதிவேட்டில் டிக் குறி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை வார்டுகளில் காலாவதியான மருந்துகள் தங்கிவிடுவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, மாதந்தோறும் தவறாமல் சரிபார்த்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கூறியிருந்தது. வார்டு பொறுப்புச் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் இதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாதந்தோறும் கையெழுத்து விழுந்த பதிவேடு இருக்கும் வார்டிலும் காலாவதியான ஆம்பியூல் இருக்கக்கூடும். மருந்தின் பெயருக்கு எதிரே டிக் குறி இட மட்டுமே பதிவேட்டில் இடம் இருந்தால், பெட்டியைத் திறக்காமலே பக்கத்தை நிரப்பிவிடலாம்.

இதற்கு மாற்று எளிது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே வரி போதும்: பெயரும் வீரியமும், இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, இன்று எண்ணியது, இருப்பவற்றுள் முதலில் காலாவதியாகும் மாதமும் ஆண்டும், அந்த மாதத்துக்குரியவை எத்தனை, எடுத்த நடவடிக்கை, கையெழுத்து. எல்லாத் தேதிகளையும் எழுதச் சொன்னால் யாரும் தொடர்ந்து எழுத மாட்டார்கள். மிக அருகில் உள்ள தேதி ஒன்றை எழுதினால் போதும். அதைக் கண்டுபிடிக்கப் பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பதுதான் இதன் பயன்.

அவசர மருந்துத் தள்ளுவண்டியில் உள்ள அட்ரினலின் ஊசி மருந்தை எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமால் போன்றவை தினமும் செலவாகிப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். தள்ளுவண்டியில் உள்ளவையோ தொடப்படாமலே இருப்பதால் காலாவதியாவதும் அங்கேதான் அதிகம். குறைந்தபட்சம் 10 ஆம்பியூல் வேண்டும் என்று வைத்திருக்கும் வார்டில், மே 1 அன்று எண்ணும்போது பத்தும் இருக்கின்றன. ஆனால் நான்கில் அதே ஆண்டு ஜூன் என்றும், ஆறில் அடுத்த ஆண்டு செப்டம்பர் என்றும் அச்சிடப்பட்டுள்ளது. டிக் குறிப் பதிவேட்டில் இது குறையில்லாத வரி. தேதி எழுதும் பதிவேட்டிலோ ‘10, ஜூன், 4’ என்று பதிவாகிறது, உடனே நான்கு ஆம்பியூல்களுக்கு மருந்தகத்துக்குக் கோரிக்கை போகிறது. புதியவை கைக்கு வந்த பிறகே பழைய நான்கையும் எடுக்க வேண்டும்; முன்கூட்டியே எடுத்துவிட்டால் அவசர நேரத்தில் ஆறுதான் இருக்கும். எடுத்தவற்றை, தேதி முடியுமுன் மருந்தகத்தின் வழியாக அட்ரினலின் அதிகம் செலவாகும் பிரிவுக்கு அனுப்பினால் அவை வீணாவதும் இல்லை.

மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், பொதுவாக அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். ஆனால் ஜூன் 1 சரிபார்ப்புக்குப் பிறகு அடுத்தது ஜூலை 1 அன்றுதான் என்பதால், ஜூன் மாதத்துக்குரியவற்றை ஜூன் முதல் தேதிக்குள் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. புதியவற்றைப் பின்னால் வைத்து, முன்னால் உள்ளதை முதலில் எடுக்கும் பழக்கமும் தேவை. எனினும், பின்னர் வந்த பெட்டியில் முந்திய தேதி இருப்பதும் உண்டு. ஆகையால் வந்த வரிசையைப் பார்க்காமல், காலாவதித் தேதியைப் பார்த்தே அடுக்க வேண்டும்.

அச்சிட்ட தேதி திறக்காத மருந்துக்கு மட்டுமே உரியது என்பதைக் கட்டுரை தொடவில்லை. பலமுறை ஊசி ஏற்றப் பயன்படும் இன்சுலின் குப்பியைத் திறந்த பின், தயாரிப்பாளர் வேறு காலம் குறிப்பிடாதவரை 28 நாட்களுக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்பதே பரவலான நடைமுறை. மே 3 அன்று திறந்த குப்பியில் அடுத்த ஆண்டின் தேதி இருந்தாலும், அதன் கெடு மே 31 அன்று முடிகிறது. திறந்த நாளையும் அகற்ற வேண்டிய நாளையும் குப்பியின் மீதே எழுத வேண்டும். அட்டைப் பெட்டியில் எழுதினால் பெட்டி மாறிவிடும். திறந்த நாள் எழுதப்படாத குப்பியை ஊகத்தில் பயன்படுத்தாமல் அகற்றிவிட வேண்டும். இதை மாதச் சரிபார்ப்புக்கு விட்டுவைக்க முடியாது. பணி மாறும்போது குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்கும் அதே வேளையில் பார்த்துவிடலாம். உறைந்துபோன இன்சுலினை, உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும், தேதி மீதமிருந்தாலும், பயன்படுத்தக் கூடாது.

மாத்திரை அட்டைகளில் தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் ஒரு முனையில் மட்டுமே இருக்கும். மறுமுனையிலிருந்து வெட்டத் தொடங்கினால் கடைசி மாத்திரை வரை தேதி தெரியும்.

இந்தப் பதிவேட்டையும் பார்க்காமல் நிரப்ப முடியும் என்பதை மறுக்கவில்லை. போன மாதத்து வரியைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவதுதான் வழக்கமாக நிகழும் தவறு. இடையில் மருந்து செலவாகி, புதிது வந்திருந்தும் தேதியும் எண்ணிக்கையும் மாறாமல் இருந்தால் அது உடனே தெரிந்துவிடும். பொறுப்புச் செவிலியர் ஒவ்வொரு மாதமும் பட்டியலில் ஏதேனும் இரண்டு மருந்துகளைத் தேர்ந்து, பெட்டியைத் திறந்து, எழுதிய வரியோடு ஒப்பிட்டால் போதும். எந்த இரண்டு என்பதை முன்னதாகச் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்