வாரச் சுருக்கத்தில் இருக்கும் அந்த ‘சராசரி விலை’ பற்றி: சேர்வராயன் மலைக் கொள்முதல் சங்கங்களின் செயலாளர்களுக்கும் கணக்கர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மிளகுக் கொள்முதல் நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு திங்களும் நிர்வாகக் குழுவின் மேசைக்கு ஒரு தாள் வருகிறது: போன வாரம் எத்தனை கிலோ, என்ன விலை. கிலோ பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பு நடப்பது விலையில்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எல்லாம் ஒரே தரக் காய்ந்த மிளகு. திங்கள் நாகலூரில் 12 கிலோ, கிலோ 660 ரூபாய். செவ்வாய் வாழவந்தியில் 18 கிலோ, 655. வியாழன் மஞ்சக்குட்டையில் 35 கிலோ, 650. வெள்ளியன்று சந்தை சரிகிறது. சனிக்கிழமை ஒரே ஆள் 420 கிலோ கொண்டுவந்து 610-க்குப் போடுகிறார். நான்கு சீட்டு. விலைகளைக் கூட்டி நான்கால் வகுத்தால் 643.75. தாளில் இதுதான் ஏறுகிறது.

ஆனால் சங்கம் கொடுத்த மொத்தப் பணம் 2,98,660 ரூபாய், வாங்கியது 485 கிலோ. வகுத்தால் 615.79. கிலோவுக்கு ஏறக்குறைய 28 ரூபாய் வித்தியாசம். சேலத்து வியாபாரி 630 கேட்டால், 643.75-ஐப் பார்த்த குழு நட்டம் என்று சரக்கைக் கட்டி வைக்கும். உண்மையில் அது கிலோவுக்கு 14 ரூபாய் மிச்சம் தரும் விலை (ஏற்றுகூலி தனி). 12 கிலோ சீட்டுக்கும் 420 கிலோ சீட்டுக்கும் ஒரே மதிப்பு கொடுத்ததால் வந்த வினை இது. B பத்தியில் நிகர எடையும் C-யில் விலையும் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUM(B2:B5)
```

615.79 சொல்வது நம் கைச்செலவை மட்டுமே. அடுத்த திங்கள் என்ன விலை போடுவது என்று அதைப் பார்த்து முடிவு செய்தால், சந்தை 610-ல் நிற்கும்போது சங்கம் கிலோவுக்கு ஆறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும். ஆகவே தாளில் மொத்த கிலோ, மொத்தப் பணம், எடைவழிச் சராசரி இவற்றோடு, கடைசி நாள் விலையும் தனியாக நிற்கட்டும். பச்சை மிளகு வாங்கினால் அதற்கு வேறு வரி. அது காய்ந்தால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். இரண்டையும் கூட்டிய கிலோ எதற்கும் உதவாது.

நிகர எடை என்று அழுத்திச் சொல்லக் காரணம் ஈரப்பதம். 11 சதவீதத்தை அளவாக வைத்திருக்கும் சங்கத்துக்கு 14 சதவீத ஈரத்தோடு 50 கிலோ வந்தால், 50-ஐ 86-ஆல் பெருக்கி 89-ஆல் வகுக்க வேண்டும்: 48.31 கிலோ. கொள்முதல் மையத்தில் எடையைக் குறைத்து எழுதிவிட்டு, ஈரச் சரக்கு என்று விலையிலும் ஐந்து பத்து குறைப்பது நடக்கிறது. விவசாயிக்கு இரட்டை வெட்டு. சுருக்கத்திலோ விலை சரிந்த மாதிரி தெரியும். தராசு எடை, ஈரம், நிகர எடை, விலை, தொகை என்று ஐந்தும் சீட்டில் இருந்தால் இது ஒளியாது. ஈரம் கூடிய சீட்டுகள் மட்டும் அன்றைய விலைக்குக் கீழே நின்றால், அந்த மையத்தைக் கேளுங்கள்.

அடுத்தது தேதி. சனிக்கிழமை எழுதிய சீட்டுக் கட்டு பஸ்ஸில் ஏற்காடு வந்து சேரச் செவ்வாய் ஆகிவிடும். வந்த நாளையோ, பணம் கொடுத்த நாளையோ போட்டால் அந்த 420 கிலோ அடுத்த வாரத்தில் விழும். அப்போது முந்தைய வாரம் வெறும் 65 கிலோ, சராசரி 653.23. எடை போட்ட நாள் ஒன்றுதான் கணக்கு. A பத்தியில் அந்தத் தேதி இருந்தால், அது எந்தத் திங்கள் தொடங்கும் வாரம் என்பதை இது தரும்:

```
=A2-WEEKDAY(A2,2)+1
```

தாள் போன பிறகு வரும் சீட்டை இந்த வாரத்தில் சொருகாதீர்கள். பழைய வாரத் தாளையே ‘திருத்தம் 1’ என்று எழுதி மறுபடி அனுப்புங்கள். குழுவில் ஒருவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

கணினி மாதம்-நாள் முறையில் அமைந்திருந்தால் பிப்ரவரி 3-க்காக அடித்த 03/02 மார்ச் 2 ஆகிவிடும். 15/02 போன்றவை தேதியாகவே ஏறாமல் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும். இடது ஓரத்தில் ஒரு தேதி கண்ணில் பட்டால், அந்தப் பத்தி முழுவதையும் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கூட்டல் போட வேண்டும்.

இப்படிக்கு,
சங்கக் கணக்கு எழுதும் சிலர்,
ஏற்காடு