சீருடைக்கும் சேர்த்து மதிப்பெண்ணா?

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் மிசூரியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரே மதிப்பெண் அறிக்கையை, ஒட்டிய படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் (1973இல் வெளிவந்த ஆய்வு, கிளிஃபோர்டும் வால்ஸ்டரும் செய்தது). லட்சணமான பிள்ளைக்கு அறிவும் கூடுதல், பெற்றோர் அக்கறையும் கூடுதல் என்றே கணித்தார்களாம். பழகப் பழக இது குறையலாம், சரி. ஆனால் முதல் வாரத்திலேயே, தலைவாரிப் பளிச்சென்று வந்தவன் தடுமாறினால் ஆசிரியர் காத்திருக்கிறார், கசங்கிய சட்டைக்காரன் தடுமாறினால் கேள்வி அடுத்தவனுக்குப் போய்விடுகிறது, அப்புறம் அவன் கையே தூக்குவதில்லை, மதிப்பெண்ணும் சரிகிறது. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் போனபின் ஆசிரியர் போடும் அடைவுநிலைதானே பெரிதாகிவிட்டது? எழுத்துப் பயிற்சிகளையாவது பெயரை மறைத்துத் திருத்தலாமே.

ஓர் அப்பா,
பட்டர்வொர்த், பினாங்கு