சனிக்கிழமை இரவு வேண்டாம்

திருகோணமலை
செவ்வாய்க்கிழமை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. உன் மகனுக்கு இங்கேயே கலியாணம் என்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. மண்டபத்துக்காரரோடு கதைத்துவிட்டேன், சாப்பாட்டுக் கணக்கை நீ வந்த பிறகு பார்ப்போம்.

ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, "சனி இரவு உன் வீட்டில் வைத்துத் தலைக்கு டை அடித்துக்கொள்கிறேன்" என்று. அது மட்டும் வேண்டாம். தங்கச்சி மகளின் சாமத்திய வீட்டுக்கு முதல்நாள் இரவு நான் அடித்துக்கொண்டு பட்ட பாடு உனக்குத் தெரியாது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் நெற்றி ஓரம் முழுக்கக் கரிக்கோடு, காதுமடலில் பொட்டுப் பொட்டாகக் கறை. தலை மட்டும் தொப்பி கவிழ்த்ததுபோல ஒரே கறுப்பு. படங்களில் முகத்துக்கு முன்பு அந்தத் தலைதான் தெரிகிறது. பூ வைத்தார்கள், ஈரப்பூ. மத்தியானம் வியர்வையும் சேர்ந்து, கழுத்துப் பக்கம் பிளவுஸில் மண்ணிறமாக இறங்கிவிட்டது. இங்கத்தைய வெக்கை உனக்குத் தெரியும்தானே.

பிறகு ஒரு பார்லர்காரப் பிள்ளையிடம் கேட்டேன். அடித்த அன்று மயிரோடு சேராத உதிரிச் சாயம் மேலேயே நிற்குமாம், தலைத்தோலும் கறுத்திருக்குமாம். வெள்ளை மயிருக்கும் மற்ற மயிருக்கும் இடையில் வித்தியாசமே இல்லாமல், எல்லாம் ஒரே அட்டைக் கறுப்பாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாளில் தோலின் கறை தானாகத் தேய்ந்து போகும், ஒருமுறை முழுகினால் உதிரிச் சாயமும் கழன்றுவிடும், அப்போதுதான் மயிர் மயிராகத் தெரியும். அதற்காக ஒரு கிழமைக்கு முன்பே அடித்துவிடவும் கூடாது. மயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட வளரும். ஒரு கிழமையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர், வகிட்டில் வெள்ளைக்கோடு போட்டுக் காட்டிவிடும். மூன்று நாளில் ஒரு மில்லிமீட்டர்தான், யார் கண்ணிலும் படாது.

ஆகவே அடுத்த கிழமை ஞாயிறு முகூர்த்தத்துக்கு நீ வியாழன் காலையில் மட்டக்களப்பில் வீட்டிலேயே அடித்துவிட்டு வா. இப்போதே, கடிதம் கண்டவுடன், கலந்த டையில் ஒரு துளி காதுக்குப் பின்னால் பூசி இரண்டு நாள் பார். எத்தனை முறை அடித்திருந்தாலும் பார். ஒவ்வாமை பெரும்பாலும் உடனே காட்டாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பும் வீக்கமும் வரும். கலியாணத்தன்று கண்ணிமை வீங்கி நின்றால் யாருக்குச் சொல்லி அழுவது? கொஞ்சம் அரித்தாலும் டை வேண்டாம், வெள்ளையோடு வா.

உனக்கு விசேஷத்துக்கு முன் எண்ணெய் வைத்து முழுகுகிற பழக்கம். அதைப் புதன்கிழமையே முடித்துவிடு. எண்ணெய்ப் பசை போக ஷாம்பூ போட்டு நன்றாக அலசு. அடித்த பிறகு எண்ணெயும் சீயாக்காயும் போட்டு முழுகினால் போட்ட சாயத்தில் கொஞ்சத்தைக் கழற்றிவிடுவாய். வழக்கமாகப் போடும் அதே பெட்டி, அதே நிறம். புதிதாக ஒன்றைப் பரீட்சிக்கிற நேரம் இதுவல்ல. நெற்றி ஓரமும் காதும் வாஸலின் தடவிக்கொண்டு, கன்னப்பொறியில் இருந்து தொடங்கு, அங்கத்தைய வெள்ளைதான் பிடிவாதம் கூடியது. வளர்ந்த வெள்ளைக்கு மட்டும் பூசு. பழைய நீளத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் அது கறுத்துக் கறுத்து நுனி ஒரு நிறம், அடி ஒரு நிறமாக நிற்கும். பெட்டியில் எழுதிய நேரத்துக்கு முன் கழுவிவிடாதே, தண்ணீர் தெளியும்வரை அலசு. அன்றிரவு பழைய தலையணையுறை போட்டுப் படு.

அடுத்த முழுக்கு சனி பின்னேரம்தான். பச்சைத் தண்ணீர், கொஞ்சமாக ஷாம்பூ. துவாயில் லேசாக நிறம் படும், பயப்படாதே, அது பூவிலும் பிளவுஸிலும் படாமல் துவாயோடு போவதுதான் நல்லது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை வந்து இறங்கியவுடன் கன்னியாவுக்குப் போவோம் என்று எழுதியிருக்கிறாய். ஏழு கிணற்று வெந்நீரையும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவாய், எனக்குத் தெரியாதா உன்னை? அடித்து அடுத்த நாளே சூடான தண்ணீர் ஆகாது. உப்புவெளிக் கடலும் அப்படித்தான். இரண்டையும் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்வோம். கோணேசர் கோயிலுக்கு வெள்ளியே போகலாம், அங்கே தலையை நனைக்கத் தேவையில்லை.

பூ நான் வாங்குகிறேன். தண்ணீர் தெளித்த சரத்தை உதறித் துணியில் ஒற்றிவிட்டுத்தான் வைப்பேன். எத்தனை மணி பஸ் என்று மட்டும் சொல்லி அனுப்பு, என் மகன் வந்து நிற்பான்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழி