இரயத்துவாரிக்கு ஒரு வரி போதாது: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். அண்மைத் தேர்வு ஒன்றில் என் மகள், "இரயத்துவாரி முறையில் உழவர்கள் துன்பப்பட்டனர்" என்று எழுதினாள். அதற்கு மதிப்பெண் இல்லை. 'இடைத்தரகர் ஒழிந்தனர், உழவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தினார்' என்பதுதான் சரியான விடையாம். விடைத்தாள் திருத்திய ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. நூலில் இருப்பது அந்த ஒரு வரிதான்.

1792 முதல் சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலில் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்த கதையும், 1820க்குப் பின் அது சென்னை மாகாணமெங்கும் பரவிய கதையும் உங்களுக்குத் தெரியாததல்ல. நான் கேட்பது அதன் பிறகு உழவனுக்கு நேர்ந்ததை.

விளைச்சலில் பங்கு கேட்டிருந்தால், விளையாத ஆண்டில் பங்கும் குறைந்திருக்கும். அரசு கேட்டதோ பணம். ஒரு வயலுக்கு இருபது ரூபாய் தீர்வை என்று வைத்துக்கொள்வோம். நெல் கலம் இரண்டு ரூபாய் விற்றபோது பத்துக் கலம் விற்றால் போதும். விலை ஒரு ரூபாயாக விழுந்தால் இருபது கலம் விற்றாக வேண்டும். நிலம் அதேதான், தீர்வையும் அதேதான், வீட்டுக் குதிரில் மிஞ்சும் நெல் மட்டும் பத்துக் கலம் குறைவு. 1820களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு தானிய விலை விழுந்தே கிடந்தது. கிஸ்தி தவணையோ அறுவடையை ஒட்டி வந்தது. ஊரே ஒரே நேரத்தில் விற்க, விலை மேலும் சரிந்தது. விற்க மனமில்லாதவன் வட்டிக்கு வாங்கினான். ஒழிந்துபோன இடைத்தரகர் வட்டிக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்!

கட்ட முடியாதவனை என்ன செய்தார்கள்? விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். இது என் கற்பனையன்று. சென்னை அரசே அமைத்த சித்திரவதை விசாரணை ஆணையம் 1855இல் அச்சிட்டுத் தந்த அறிக்கையில் உள்ளது. 'நேரடியாக' என்ற சொல்லை இத்தனை நேர்மையாக யாரும் நிறைவேற்றியதில்லை.

மன்றோவை வில்லனாக்கச் சொல்லவில்லை. தீர்வையைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807இலேயே பரிந்துரைத்தவர் அவர். அதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக என்றே வரலாற்றை நடத்தினால், பெயரும் ஆண்டும் மட்டும் தெரிந்த பிள்ளைகள்தாம் வெளியே வருவார்கள். போகட்டும், அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை. அடுத்த பதிப்பில் இரயத்துவாரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பணத்தீர்வை, விலைச்சரிவு, கடன், கிட்டி என்று ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிப் பிறந்தது என்பதை அதில் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை