படிப்பு விடுமுறையில் பொமோடோரோ முறை: பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வுக்கு முன் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கும் விடுமுறை தொடங்குவதால், பொமோடோரோ முறையில் படிக்க அவர்களுக்கு வகுப்பில் பயிற்சி அளித்துள்ளோம். 1980-களின் இறுதியில், கல்லூரி மாணவராக இருந்த இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ, குறித்த நேரம் முடிந்ததும் மணி அடிக்கும் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தமக்காக வகுத்துக்கொண்ட முறை இது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. இவ்வாறு நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு.

இயற்பியலில் மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் ஏற்படும் மின்புலத்தைத் தருவிக்கும் ஐந்து மதிப்பெண் வினாவைக் காலை 6 மணிக்கு எடுப்பதாகக் கொள்வோம். முதல் சுற்றில் படம் வரைந்து, ஒவ்வொரு படியும் ஏன் வருகிறது என்று புரிந்து படிக்க வேண்டும். இரண்டாவதில் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்து, விடுபட்ட படிகளைச் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். மூன்றாவதில் அதே பாடத்தின் குறுவினாக்கள், நான்காவதில் கணக்குகள். 7.55-க்கு நான்கு சுற்றும் முடிந்துவிடும். வேலை முன்னதாக முடிந்தால், மணி அடிக்கும் வரை எழுதியதையே சரிபார்க்கலாம். கணக்கின் நடுவே மணி அடித்தால், அடுத்த படி என்ன என்பதைப் பென்சிலால் ஒரு வரி குறித்துவிட்டு எழுந்தால், திரும்பி வந்து தொடங்குவது எளிது.

படிக்கும்போது 'ரெக்கார்டு நோட்டு யாரிடம் இருக்கிறது?' என்பது போன்ற நினைவுகள் வரத்தான் செய்யும். அதை அருகிலுள்ள தாளில் எழுதிவிட்டுப் படிப்பைத் தொடர வேண்டும். எழுந்து போய்விட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது, புதிதாகத் தொடங்க வேண்டும். இங்கேதான் தங்கள் உதவி மிகவும் தேவைப்படுகிறது. கடைக்குப் போய் வரச் சொல்வதையும், உறவினரின் அழைப்பைக் கொடுப்பதையும், எவ்வளவு படித்தாய் என்று கேட்பதையும் அந்த 25 நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

இந்த முறை பெரும்பாலும் குலைவது ஓய்வில்தான் என்பது எங்கள் அனுபவம். ஐந்து நிமிடத்துக்கென்று கையில் எடுத்த கைப்பேசி அரை மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது, கண்ணுக்கும் ஓய்வில்லை. ஆகவே நேரம் பார்க்கவும் கைப்பேசி வேண்டாம், மேசைக் கடிகாரமே போதும். ஓய்வில் தண்ணீர் குடித்து, மாடியிலோ வாசலிலோ சற்று நடந்துவிட்டு வரட்டும். நான்கு சுற்றாக எண்ணியது ஆறு, ஏழு என்று நீண்டால் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். பாடத்தை இன்னும் சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்றே அதற்குப் பொருள்.

எனினும், பொதுத்தேர்வில் இடைவேளை கிடையாது. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத வேண்டும். ஆதலால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் இந்த முறையை விட்டு, காலை 10.15 முதல் 1.15 வரை முழு மாதிரித் தேர்வு ஒன்றை இடையில் எழாமல் எழுதச் செய்யுங்கள். அந்த விடைத்தாளையும் சுற்றுகளைக் குறித்த தாள்களையும் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நாளில் கொடுத்தனுப்பினால், எந்தப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் தேவை என்பதைப் பாட ஆசிரியர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்